தம்பிக்காக இன்னொரு கையெழுத்தா?

கேள்வி: பட்டிப்பளைப் பக்கம் இடியப்பம் அவித்து விற்கிறேன். செலவு போகக் கிழமைக்கு 7,000 ரூபா அளவில் மிஞ்சும். குழுக்கடனாக 60,000 எடுத்தேன்; கிழமைக்கு 1,500 வீதம் 52 கிழமை, இன்னும் 10 கிழமை இருக்கிறது. பிறகு தம்பியின் முச்சக்கரவண்டி லீசிங்குக்காக என் பெயரில் 80,000 எடுத்துக் கொடுத்தேன். கிழமைக்கு 2,000, இன்னும் 22 கிழமை. தம்பி மூன்று மாதம் கட்டினான், அதன் பிறகு நான்தான் கட்டுகிறேன். இப்போது 150,000 தந்து இரண்டையும் மூடிவிடலாம், கிழமைக்கு 3,750 மட்டும் கட்டினால் போதும் என்கிறார்கள். மிச்சக் காசைத் தம்பி கேட்கிறான். எடுக்கலாமா? பெண்களை முன்னேற்றத்தான் குழு என்றார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. காரணத்தை உங்கள் கணக்கிலிருந்தே காட்டுகிறேன்.

இன்றைக்கு நீங்கள் கட்ட மீதமிருப்பது முதற்கடனில் 15,000 ரூபாவும் இரண்டாவதில் 44,000 ரூபாவும், ஆக 59,000 ரூபா. பத்துக் கிழமையில் சுமை 2,000 ரூபாவாகக் குறையும், 22 கிழமையில் முற்றாக முடிந்துவிடும். புதிய கடனில் 3,750 ரூபாவை 52 கிழமை கட்டினால் மொத்தம் 195,000 ரூபா. 150,000 ரூபாவிலிருந்து பழைய 59,000 ரூபாவையும், ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று ஒரு 6,000 ரூபாவையும் கழித்தால் கைக்கு வருவது 85,000 ரூபா. அந்த 85,000 ரூபாவுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது 136,000 ரூபா. பழைய கடனை மூடும்போது இனி வரவேண்டிய தவணைகளில் அடங்கிய வட்டியையும் சேர்த்தே கழிப்பார்களானால், இன்னும் காலமே ஆகாத அந்த வட்டி புதிய கடனின் முதலாக மாறி, அதன் மேலும் வட்டி ஏறும். கிழமைக்கு 250 ரூபாதானே கூடுகிறது என்று பார்த்தால் இவையெல்லாம் கண்ணில் படாது.

வட்டி 30 வீதம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 60,000 ரூபாவுக்கு 18,000 ரூபா வட்டி என்பதால் அது 30 வீதம் போலத் தோன்றுகிறது. ஆனால் முதலைக் கிழமைதோறும் திருப்பிக் கொடுத்துவருவதால், ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் 30,000 ரூபா அளவுதான் உங்கள் கையில் இருந்தது. 30,000 ரூபாவுக்கு 18,000 ரூபா என்றால் ஏறக்குறைய 60 வீதம். உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்நிதிக் கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதத்தை உச்ச வரம்பாக மத்திய வங்கி 2018 டிசம்பரில் விதித்தது. அந்த 35 வீதத்தில் 60,000 ரூபாவை 52 கிழமைக்குப் பிரித்தால் தவணை ஏறக்குறைய 1,340 ரூபாதான் வரும். நீங்கள் 1,500 கட்டுகிறீர்கள். கடன் தந்தவர்கள் உரிமம் பெற்ற கம்பனியா என்றும், கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி எத்தனை என்றும் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதலாம்.

இருந்தாலும் உங்களைக் கீழே இழுப்பது வட்டியை விட, உங்கள் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கமே. முதற்கடன் இடியப்பத் தட்டுக்கும் மாவுக்கும் போனது, அதன் தவணை அந்தத் தொழிலிலிருந்தே வருகிறது. இரண்டாவது கடன் தம்பியின் வண்டிக்குப் போனது, அதன் தவணையும் உங்கள் அடுப்பிலிருந்துதான் வருகிறது. தம்பி மீது பாசம் இருக்கட்டும். வண்டியின் வருமானம் அவரிடமும் கடன் உங்களிடமும் இருப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய துயரமும் அல்ல. நுண்கடனால் பெயர்பெற்ற பங்களாதேஷில் ஆன் மேரி கெட்ஸ், ரீனா சென் குப்தா ஆகிய இருவர் ஆய்வு செய்து 1996 இல் வெளியிட்ட கட்டுரையில், பெண்கள் பெயரில் எடுத்த கடன்களில் ஏறக்குறைய 37 வீதத்தில்தான் அந்தப் பெண்களுக்கு முழுமையான அல்லது கணிசமான கட்டுப்பாடு இருந்தது என்று காட்டினார்கள். கடன் பெண்ணின் பெயரில் இருக்கிறது என்பதை வைத்தே பெண் முன்னேறிவிட்டாள் என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

நீங்கள் இருக்கும் குழுவையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து தலைவியின் வீட்டு முற்றத்தில் அமர்கிறார். ஒருவரின் தவணை குறைந்தால் மற்ற நால்வரும் முந்தானையை அவிழ்த்து அதை நிரப்பும்வரை யாரும் எழுந்து போக முடியாது. கம்பனிக்குப் பிணை தேவை என்பதற்காகக் கூட்டிய ஐந்து பேர் இவர்கள். வட்டியில் ஒரு சதமும் உங்களிடம் திரும்புவதில்லை. புதிய கடனுக்குச் சரி சொல்லும் அந்த நால்வரும் 195,000 ரூபாவுக்குப் பொறுப்பேற்கிறார்கள் என்பதை அவர்களுக்கும் விளங்கச் சொல்லுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில், அல்லது நீங்களே சேர்ந்து தொடங்கும் சேமிப்புக் குழுவில், கணக்கு வேறு விதமாக ஓடும். 15 பேர் கிழமைக்கு 200 ரூபா போட்டால் ஆண்டில் 156,000 ரூபா சேரும். அதிலிருந்து ஒருவர் 20,000 ரூபா எடுத்து, மாதம் 2,000 ரூபா முதலும் மீதிக்கு 2 வீத வட்டியுமாகப் பத்து மாதத்தில் கட்டினால், மொத்த வட்டி 2,200 ரூபாதான். அந்த 2,200 ரூபாவும் சங்கத்தின் நிதியிலேயே சேர்ந்து ஆண்டு முடிவில் உறுப்பினருக்குப் பங்காக வரும். குறைகளும் உண்டு: முதல் மாதங்களில் கடன் கொடுக்கக் காசு இருக்காது, தொகை எப்போதும் சிறியதாகவே இருக்கும், தலைவி புத்தகத்தைத் தன் வீட்டு அலுமாரியில் பூட்டிவைத்து உறவினருக்கே கடனைக் கொடுத்தால் இரண்டு ஆண்டில் சங்கம் கலைந்துவிடும். கூட்டந்தோறும் யாருக்கு எவ்வளவு மீதி என்று எல்லோர் முன்னும் உரத்து வாசிக்கிறார்களா, உங்களுக்குக் கடன் தர முடியாது என்று சொல்லும் தைரியம் அந்தக் குழுவுக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

தம்பியிடம், வண்டி ஓடும் நாளெல்லாம் மாலையில் 300 ரூபாவை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். ஏழு நாளில் அது 2,100 ரூபா, கடனின் தவணைக்குப் போதும். லீசிங் நிலுவைக்கு அவரே அந்தக் கம்பனிக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்கட்டும். அதற்கும் வழியில்லையென்றால், பறிமுதலாகும் முன்பே வண்டியை விற்பதுதான் குறைந்த நட்டம். அவர் ஒரு சதமும் தராவிட்டால் கூட, இப்போது கட்டுவதைப் போலவே கட்டி 22 கிழமையில் நீங்கள் வெளியே வந்துவிடலாம். கையடக்கத் தொலைபேசியில் சில நிமிடங்களில் காசு தருவதாகச் சொல்லும் செயலிகளையும் இந்த இடைவெளியில் தொடவேண்டாம்.

முதற்கடன் முடியும் பத்தாவது கிழமைக்குப் பிறகு கிழமைக்கு 1,500 ரூபா விடுபடும். அதில் 500 ரூபாவுக்கு மாவை மொத்தமாக வாங்குங்கள், 1,000 ரூபாவை உங்கள் பெயரிலுள்ள சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். கடன் முடிந்ததற்கான கடிதத்தை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் அதையும் திரும்பப் பெறுங்கள். பிறகு கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையை எடுத்து, நீங்கள் அறியாத கடன் ஏதும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.