மெமரி கார்டு போட்டும் செயலி ஏன் மூடிக்கொள்கிறது?

“3 ஜிபி ராம் போனில் 128 ஜிபி கார்டு போட்டேன். ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் வங்கிச் செயலி முதலிலிருந்து திறக்கிறது. ஏன்?”

வணக்கம். கார்டு கூட்டியது படங்களும் காணொளிகளும் தங்கும் சேமிப்பிடத்தை மட்டுமே; திறந்திருக்கும் செயலிகள் இயங்குவது ராமில். அந்த 3 ஜிபியில் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்வதால், நீங்கள் மெசேஜைத் திறந்ததும் இடம் போதாமல் பின்னணியில் உள்ள செயலியை அது மூடிவிடுகிறது. குரோமில் பாதி படித்த பக்கமும் இப்படியே மீண்டும் ஏறினால் குறை ராமில்தான். வங்கிச் செயலி மட்டும் என்றால், அது பாதுகாப்புக்காகத் தானே வெளியேறியிருக்கலாம். சில போன்களில் வரும் ‘கூடுதல் ராம்’ வசதி உள் சேமிப்பிடத்தைக் கடன் வாங்குகிறது. அதன் வேகம் ராமுக்கு அருகில்கூட வராது. ராம் சில்லு போனின் மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதை மாற்றவும் வழியில்லை. இப்போதைக்கு மெசேஜைத் திறக்காமல், திரையின் மேலிருந்து அறிவிப்பை இழுத்து ஓடிபியைப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வங்கிச் செயலி அப்படியே இருக்கும்.