முக்கால்வாசி சரியாக வந்த ஏஐ சேலைப் படத்தைத் திருத்துவது எப்படி? கேள்வி பதில்

கீழக்கரை, ஆன்லைனில் சேலை விற்பவர்: காக்கா, என் மச்சி அரியமான் கடற்கரையில் சுடிதாரோடு நின்ற போட்டோவை ஜெமினியில் கொடுத்து, மெரூன் காட்டன் சேலை, மஞ்சள் கரை என்று கேட்டேன். சேலை அழகாக வந்துவிட்டது. ஆனால் முந்தானை தோள் மாறிக் கிடக்கிறது, ரவிக்கைக் கை குட்டை, கரை பட்டு ஜரிகை மாதிரி மின்னுகிறது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒன்று சரியாகி இன்னொன்று கெடுகிறது.

பதில்: முதலில் முந்தானை, அடுத்து கை, கடைசியில் கரை. முந்தானையைத் தோள் மாற்றினால் மடிப்பும் கரை ஓடும் வழியும் புதிதாக வரையப்படும். கரையை முன்னாடியே சரிசெய்திருந்தால் அந்த வேலை அத்தோடு போச்சு. அதனால் உருவத்தை மாற்றும் திருத்தம் முதலில், துணியின் தன்மை, பளபளப்பு எல்லாம் பின்னால்.

"இடது தோள்" என்று மட்டும் எழுதாதீங்க. கட்டியிருப்பவரின் இடதா, படம் பார்ப்பவரின் இடதா என்று குழம்பிப்போகும். படத்திலேயே இருக்கும் ஒரு பொருளைக் காட்டுங்க. உங்க படத்தில் ஒரு ஓரமாக வள்ளம் நிற்குதுன்னு வைங்க, அப்போ இப்படி:

> முந்தானை வள்ளம் நிற்கும் பக்கத்துத் தோளில் விழட்டும். முகம், நிற்கும் விதம், சேலை நிறம், பின்னணி அப்படியே இருக்கட்டும்.

வந்ததைச் சேமித்து வைத்துவிட்டு அடுத்தது:

> ரவிக்கைக் கை முழங்கை வரை நீளட்டும். மற்றதெல்லாம் அப்படியே.

அதுவும் சரியாக வந்த பிறகு:

> கரை, ஒளிராத மஞ்சள் பருத்தி நூலில் நெய்தது போல, இரண்டு விரல் அகலத்தில் இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்படியே.

கடைசியில் "ஜரிகை வேண்டாம்" என்று எழுதவில்லை, பாருங்க. அப்படி எழுதினால் சில நேரம் ஜரிகை இன்னும் கூடுதலாக வந்து நிற்கும். வேண்டாததைச் சொல்வதைவிட, அந்த இடத்தில் என்ன இருக்கணும்னு சொல்வது நல்லது. அதே மாதிரி "கையை இன்னும் கொஞ்சம் நீட்டு" என்றால் எவ்வளவு என்பதை அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். முழங்கை, மணிக்கட்டு என்று நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லிடுங்க.

தொண்டி: ஒவ்வொன்றாக அனுப்புவது வேலையற்ற வேலை அண்ணே. முதல் மெசேஜையே விவரமாக எழுதினால் திருத்தமே தேவைப்படாது. சரியில்லையென்றால் நான் உடனே புது சாட் திறந்துவிடுவேன்.

பதில்: முதல் மெசேஜை விவரமாக எழுதணும் என்பது சரிதான். சேலை கேட்டால் லெஹங்கா வந்து நிற்கிறது என்றால் அதைத் திருத்திக்கொண்டு உட்காராமல் புதிதாகத் தொடங்குவதும் சரி. ஆனால் முக்கால்வாசி சரியாக வந்ததைத் தூக்கிப்போட்டால், அதே வாசகத்தைத் திரும்பக் கொடுத்தாலும் அதே சேலை வராது. மடிப்பு மாறும், மெரூன் வேறு மெரூனாக இருக்கும்.

நீங்க சொல்லாத வேறொரு காரணத்துக்காகப் புது சாட் தேவைப்படும். நாம் கையை மட்டும் நீட்டச் சொன்னாலும், இந்த மாதிரி சாட்டில் பொதுவாகப் படம் முழுவதும் திரும்ப வரையப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முகம் ஒரு மயிரிழை நகரும். ஒரு சுற்றில் கண்ணுக்குத் தெரியாது. சுற்று கூடக் கூடத் தோல் மெழுகு பூசின மாதிரி ஆகும், கன்னத்து மச்சம் காணாமல் போகும். கடைசியாக வந்த படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. முதல் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கி மூன்று இடம் பாருங்க: மச்சம், பல்வரிசை, பின்னால் இருக்கும் எழுத்து. வள்ளத்தில் எழுதின நம்பர் கிறுக்கலாகிவிட்டால் முகமும் நகர்ந்திருக்கும் என்று நான் சந்தேகப்படுவேன்.

அப்போது மேலும் திருத்தாதீங்க. புது சாட்டில் மூல போட்டோவையும், உடை நன்றாக வந்த படத்தையும் சேர்த்துப் போட்டு, "முதல் படத்தில் இருப்பவருக்கு இரண்டாம் படத்தின் சேலை, முகமும் பின்னணியும் முதல் படத்தில் உள்ளபடியே" என்று கேளுங்க. இதுவரை ஒத்துக்கொண்ட திருத்தங்களையும், தோள், கை, கரை என்று மூன்றே வரியில் அதிலேயே எழுதிடுங்க. சுற்றிச் சுற்றித் திருத்தினது ஒரே சுற்றில் வந்துவிடும். முகம் மூல போட்டோவிலிருந்து வருவதால் பெரும்பாலும் தப்பிக்கும்.

மண்டபம்: தம்பி, எனக்கும் இதே பிரச்சினைதான். ஜாக்கெட் தைத்து வந்துச்சு, கை இறுக்கிப் பிடிக்குது. மொத்தமாச் சொல்லணுமா, ஒண்ணொண்ணாச் சொல்லணுமா?

பதில்: அக்கா, நாங்க பேசுறது போட்டோவில் உடுத்திப் பார்க்கிற சமாச்சாரம். உங்க ஜாக்கெட்டுக்கு டெய்லர்கிட்டதான் போகணும். உள் தையலில் துணி விட்டிருந்தால் பிரித்துத் தளர்த்தித் தருவார். ஆனால் நல்ல இடத்தில் கை வைச்சீங்க. ஏஐ படத்தில் எந்த ஜாக்கெட்டும் இறுக்காது. படத்தில் பொருந்துதுன்னு அளவை முடிவு பண்ணக்கூடாது.

ஏர்வாடி: அபாயாவின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னேன் காக்கா. நிறம் சரியாக வந்தது, ஆனால் ஹிஜாப் பின்னே நகர்ந்து நெற்றியில் முடி தெரிகிறது.

பதில்: திருத்தாமல் முந்தின படத்துக்குத் திரும்புங்க. நிறம் கேட்ட அதே மெசேஜோடு "ஹிஜாப் நெற்றியை மூடியபடியே" என்று ஒரு வால் சேர்த்து அனுப்புங்க. "பழையபடி ஆக்கு" என்றால் பழைய படம் வராது, பழையது மாதிரி இன்னொன்றை வரைந்து தரும். ஒவ்வொரு நல்ல படியையும் சேமிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

இராமேஸ்வரம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: இவ்வளவு சுற்று எதுக்கு? போட்டோஷாப்பில் கையை மட்டும் செலக்ட் பண்ணி ஜெனரேட்டிவ் ஃபில் கொடுத்தால் முகத்தைத் தொடாது. மாப்பிள்ளை பேண்ட் சட்டைக்கு வேட்டி மாற்றினதெல்லாம் அப்படித்தான் செய்தேன். சாட்ஜிபிடியிலும் இப்போது தூரிகையால் இடம் காட்டலாம்.

பதில்: போட்டோஷாப் விஷயத்தில் நீங்க சொல்றதுதான் சரி. செலக்ட் பண்ணின இடத்துக்கு வெளியே அது போகாது. கைநீளம், பொத்தான், கரை மாதிரி சின்ன இடத்துக்கு அதுவே மேல். சாட்ஜிபிடியின் தூரிகையை அந்த அளவு நம்பாதீங்க. காட்டின இடத்தை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறது, கோட்டைத் தாண்டியும் மாறும். ஆனால் முந்தானையைத் தோள் மாற்றணும்னா செலக்ட் பண்ண வேண்டியது பாதி உடம்பு. அங்கே எனக்குச் சாட்தான் கைகொடுக்குது.

ஸ்டுடியோக்காரர்: பாதி உடம்பானாலும் கழுத்துக்குக் கீழே செலக்ட் பண்ணினால் போதுமே. முகம் பத்திரம்.

பதில்: முகம் பத்திரம்தான். தோளும் கழுத்தும் சேருமிடத்தில் தோல் நிறம் ஒட்டாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒட்டுதுன்னா அப்படியே செய்யுங்க.

கீழக்கரை, சேலை விற்பவர்: நீங்க சொன்ன வரிசையில் செய்தேன், மூன்றும் சரியாகிவிட்டது. இப்போது சேலை கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. "கொஞ்சம் அடர்த்தியாக்கு" என்று எழுதலாமா?

பதில்: எழுதினால் மணலும் சேர்ந்து இருட்டிவிடலாம். முதல் போட்டோவோடு மணலை ஒப்பிட்டுப் பாருங்க. மணலும் சிவந்திருந்தால் படம் முழுவதும் நிறம் நகர்ந்திருக்கிறது. போனில் இருக்கும் எடிட்டரில் நிறத்தின் வெப்பத்தைக் குறைத்தால் போதும், ஒரு சுற்று மிச்சம். மணல் சரியாக இருந்து சேலை மட்டும் சிவப்பு என்றால், கடையில் இருக்கும் அந்தச் சேலையையே பகல் வெளிச்சத்தில், நிழலில் விரித்துப் போட்டோ எடுத்துச் சேர்த்து, "சேலையின் நிறம் இந்தத் துணியின் நிறமாக இருக்கட்டும், மற்றதெல்லாம் அப்படியே" என்று கேளுங்க.

அப்பவும் அச்சு அசலாக வரும்னு சொல்ல முடியாது. கரையில் புட்டாவோ கோபுரமோ இருந்தால் அதன் எண்ணிக்கையும் பிசகும். வாங்குறவங்களுக்கு அனுப்பும்போது ஏஐ படம்னு எழுதி, துணியின் நிஜ போட்டோவையும் கூடவே போடுங்க.