ஊருக்கு வலசு, ஆளுக்குக் கூட்டம்

கேள்வி: 1650 வாக்கில் காங்கேயம் பக்கம் நடக்கிற நாவல் எழுதுகிறேன். ஊர்களுக்கு மருதநல்லூர், வீரபுரம், சிங்கபாளையம் என்றும், குடும்பங்களுக்கு விஜயராயர், மாமல்லர் என்றும் வைத்தேன். தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, ஒரே மண்ணின் பெயர்களாக இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெயர்களை ஒவ்வொன்றாக யோசிக்காமல், முதலில் ஒரு தாய் ஊரை வையுங்கள். மற்றவை அதிலிருந்து கிளைக்கட்டும். தாய் ஊர் பழையது, நொய்யல் கரையில் இருக்கிறது. பூந்துறை போல அதற்கு 'நுணாத்துறை' என்று வைக்கலாம். நுணா மரம் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கிருந்து பிரிந்துபோய் மேட்டாங்காட்டில் குடியேறியவர்களின் சிற்றூர் 'வலசு'. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் வலசுகள் அடுத்தடுத்து வரும். முன்னால் அநேகமாக முதலில் குடியேறியவரின் பெயரோ மரமோ நிற்கும்: சடையன்வலசு, கிளுவன்வலசு. கிளுவை அந்தப் பக்கத்து மேய்ச்சல் காடுகளின் வேலி மரம்.

'பாளையம்' உங்கள் காலத்துக்குச் சரி. திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர், பாளையப்பட்டு முறை அப்போது நடப்பில் இருந்தது. ஆனால் சிங்கத்தை எடுத்துவிட்டு, ஒரு தலைவனின் பெயரை வையுங்கள்: திம்மநாயக்கன்பாளையம். நாவலில் ஒரு தாய் ஊர், மூன்று வலசு, ஒரு பாளையம் போதும். கதை 1250இல் நடந்தால் பாளையமே கூடாது.

அடுத்தது குடும்பப் பெயர். அங்கே அப்படி ஒன்று கிடையாது, கூட்டம் என்கிற குலப்பிரிவுதான் உண்டு. அதைப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்வதில்லை, பெண் பார்க்கும்போது "எந்தக் கூட்டம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இன்றும் வாழ்கிற கூட்டத்தின் பெயரை உங்கள் வில்லனுக்குக் கொடுத்தால் யாராவது மனம் புண்படுவார்கள், அதனால் புதிதாக உருவாக்குங்கள். இரண்டு வழி போதும். ஒன்று, காடைக் கூட்டம் போல மண்ணோடு வாழ்கிற உயிர்: 'கவுதாரி'. மற்றது சாத்தந்தைக் கூட்டம் போல. சாத்தன் என்பதோடு தந்தை சேர்ந்து சாத்தந்தை ஆவது தொல்காப்பியத்திலேயே இருக்கிற புணர்ச்சி. அதே கணக்கில் நாகன் 'நாகந்தை' ஆவான்.

இப்போது ஊரையும் கூட்டத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். நாகந்தைக் கூட்டத்துக்குக் காணியூர், அதாவது பரம்பரை உரிமையுள்ள ஊர், நுணாத்துறை; குலதெய்வக் கோயிலும் அங்கேதான். சடையன்வலசில் குடியிருக்கிற நாகந்தைக்காரர் கோயில் நோம்பிக்குத் தாய் ஊருக்கு வண்டி கட்டுவார். கவுதாரிக்காரர் திம்மநாயக்கன்பாளையத்தின் பக்கம் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் கல்யாணங்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. நாகந்தைப் பையன் இன்னொரு வலசிலிருந்து நாகந்தைப் பெண்ணையே கட்டிக்கொண்டால், கொங்கு வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். பெண் கவுதாரியாக இருந்தால் மாமன் மச்சான் உறவு தானாக வந்துவிடும்.