மெஷின் விற்ற பணம் விற்பனை வருமானம் ஆகுமா?

கேள்வி: சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். மனைவியின் நகையை அடகு வைத்து 14 லட்சத்துக்கு வாங்கிய மெஷினைக் கடந்த பிப்ரவரியில், ஜிஎஸ்டி நீங்கலாக, 9 லட்சத்துக்கு விற்றேன். ஏப்ரலில் 11 லட்சத்துக்குப் புதியது வாங்கினேன். பத்து வருடமாக நம்பிய கணக்காளர் அந்த 9 லட்சத்தை அச்சு வேலை வருமானத்தோடு சேர்த்து ரிட்டர்ன் போட்டுவிட்டார். எனக்கு 5 லட்சம் நஷ்டம், அதற்கு மேல் வரியும் கட்டியிருக்கிறேன். இது அநியாயம் இல்லையா? அவர் மேல் வழக்குப் போட்டு முழு வரியையும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: நகை அடகும் கணக்காளர் மேல் வைத்த நம்பிக்கையும் வரிச் சட்டத்துக்குத் தேவையில்லாதவை. அந்த மெஷினை எதற்காக வைத்திருந்தீர்கள் என்பது ஒன்றுதான் கேள்வி. அச்சடித்துச் சம்பாதிப்பதற்காக வைத்திருந்தீர்கள், வாங்கி விற்பதற்காக அல்ல. ஆகவே அது நிலைச் சொத்து. விற்று வந்த 9 லட்சம் மூலதன வரவு. வியாபார வருமானத்தில் அதைச் சேர்த்தது தவறு. பழைய மெஷின்களை வாங்கி விற்பவர் இதே மெஷினை விற்றிருந்தால் அது அவருக்குச் சரக்கு, 9 லட்சமும் வருவாய் வரவு. உங்கள் அச்சகத்தில் கழிவுத் தாளும் பழைய அலுமினியத் தகடும் விற்று வரும் காசும் வருவாய் வரவுதான். அவை அன்றாடத் தொழிலிலிருந்து விழுபவை. அதையும் மூலதனம் என்று கழிக்கப் பார்க்காதீர்கள்.

இதுவரை உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் கட்சிக்காரர்கள் விழுவது இதற்கு அடுத்த படியில். "மூலதன வரவு, எனவே வரியே இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது உங்களைப் போல, 14-இல் வாங்கி 9-இல் விற்றதால் 5 லட்சம் நஷ்டம் என்கிறார்கள். இரண்டும் நிற்காது. அந்த 14 லட்சத்தில் பெரும்பகுதியை ஆண்டுதோறும் 15 சதவீதத் தேய்மானமாகக் கழித்து, வரியைக் குறைத்து அனுபவித்துவிட்டீர்கள். அதே தொகையை நஷ்டம் என்று மறுபடியும் கேட்க முடியாது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகத் தேய்மானம் பார்ப்பதில்லை. ஒரே வகையும் ஒரே தேய்மான விகிதமும் உள்ள சொத்துகளை ஒரே பிளாக்காகப் பார்க்கிறது. உங்கள் ஆஃப்செட், கட்டிங், பைண்டிங் மெஷின்கள் மூன்றும் ஒரே பிளாக். உங்கள் தேய்மான அட்டவணையை எடுத்து, நிதியாண்டின் தொடக்கத்தில் அந்த பிளாக்கின் மதிப்பு என்ன என்று பாருங்கள். அது 6,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதோடு அந்த ஆண்டில் வாங்கியவற்றின் விலையைக் கூட்டி, விற்ற தொகையைக் கழிக்க வேண்டும். பிப்ரவரியில் விற்றீர்கள், மார்ச் 31க்குள் எதுவும் வாங்கவில்லை. 6,40,000-இல் 9 லட்சத்தைக் கழித்தால் பிளாக் பூஜ்யமாகி, மேலே 2,60,000 மிஞ்சும். 50ஆம் பிரிவின்படி அது குறுகிய கால மூலதன ஆதாயம். மெஷினை எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்ற கணக்கே இங்கே கிடையாது. சலுகை விகிதமும் இல்லை, உங்கள் வழக்கமான வரிப் படியிலேயே வரி.

மற்ற இரண்டு மெஷின்களும் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் வரிக் கணக்கில் அவற்றின் மதிப்பு இனி பூஜ்யம். ஆகவே அந்த ஆண்டுக்குத் தேய்மானம் கிடையாது. 9 லட்சத்தை விற்பனையில் போட்ட கணக்காளர் பிளாக்கைத் தொடாமல் 6,40,000-க்கு 15 சதவீதம், அதாவது 96,000 ரூபாய் தேய்மானமும் எடுத்திருப்பார். அதைத் திருப்பியாக வேண்டும். தவறான ரிட்டர்னில் இந்த விற்பனையால் கூடிய நிகர வருமானம் 8,04,000. சரியான கணக்கில் 2,60,000. வித்தியாசம் 5,44,000. 30 சதவீதப் படியில் இருந்தால், திருத்திய ரிட்டர்ன் போட்டு, செஸ் நீங்கலாக, 1,63,200 ரூபாய் திரும்பப் பெறலாம். உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். முழு வரியும் அல்ல.

புது மெஷினை மார்ச் 31க்குள் வாங்கியிருந்தால் 11 லட்சமும் பிளாக்கில் ஏறி, ஆதாயமே எழுந்திருக்காது. இதைக் கேட்டதும் பலருக்கு வரும் யோசனை, விற்பனையாளரிடம் மார்ச் தேதியில் பில் வாங்கிவிடலாம் என்பது. செய்யாதீர்கள். இ-வே பில்லின் தேதி, விற்பனையாளர் போட்ட ஜிஎஸ்டி ரிட்டர்ன், உங்கள் கொள்முதல்களைக் காட்டும் GSTR-2B அறிக்கை மூன்றும் ஏப்ரலைத்தான் காட்டும். இன்று 2,60,000-க்கான வரியோடு முடியும் விஷயம் பொய் ஆவணக் குற்றச்சாட்டாக மாறும். ஏப்ரல் வாங்கல் அடுத்த ஆண்டுக் கணக்கில் 11 லட்சமாகத் தொடங்கி, அங்கே தேய்மானம் தரும். 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்குரிய 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பிளாக் கணக்கு முறை மாறவில்லை.

அடுத்தது, திருத்திய ரிட்டர்ன் போட்டதும் வரக்கூடிய நோட்டீஸ். மெஷின் விற்றதற்கு ஜிஎஸ்டி பில் போட்டிருப்பீர்கள், போட்டாக வேண்டும். அந்த 9 லட்சம் ஜிஎஸ்டியில் விற்றுமுதலாகவே பதிவாகி, வருமான வரித் துறை உங்களைப் பற்றித் தொகுத்து வைக்கும் AIS தகவல் அறிக்கையிலும் தெரியும். லாப நட்டக் கணக்கிலிருந்து அதை நீக்கியதும் ஜிஎஸ்டி விற்றுமுதலை விட உங்கள் விற்பனை சரியாக 9 லட்சம் குறையும். அதிகாரிக்கு அது மறைத்த விற்பனையாகத் தோன்றும். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், ஜிஎஸ்டி விற்றுமுதல், அதில் மெஷின் 9 லட்சம், மீதி அச்சு வேலை என்று ஒரு பக்க ஒப்பீட்டு அறிக்கை தயாரித்து வையுங்கள். மெஷின் வாங்கிய பில், முந்தைய ஆண்டுகளின் தேய்மான அட்டவணை, விற்ற பில், பணம் வந்த வங்கிப் பதிவு நான்கும் அதோடு இருக்கட்டும். முந்தைய தேய்மான அட்டவணைதான் இவற்றில் வலுவான சாட்சி. அந்த மெஷினை நிலைச் சொத்தாகத் துறையே பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருப்பதை அது காட்டும்.

திருத்திய ரிட்டர்னில் விற்ற தொகையை மெஷின்களின் தேய்மானத்துக்கான DPM அட்டவணையில் காட்டுங்கள். ஆதாயம், தேய்மானச் சொத்துகளை விற்ற ஆதாயத்துக்கான DCG அட்டவணை வழியாக மூலதன ஆதாயப் பகுதிக்குப் போகும். கணக்குப் புத்தகத்தில் அந்த ஒரு மெஷினுக்கு "விற்பனை லாபம்" என்று வேறொரு தொகை இருந்தால் அதை வியாபார வருமானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி.

திருத்திய ரிட்டர்னுக்கான காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பிறகு இருக்கும் புதுப்பித்த ரிட்டர்ன் வரியைக் கூட்டத்தான் உதவும். குறைக்கவோ திரும்பக் கேட்கவோ அதில் வழியில்லை. அதிகாரியிடம் கடிதம் கொடுத்தும் பயனில்லை. திருத்திய ரிட்டர்ன் இல்லாமல் புதிய கோரிக்கையை மதிப்பீட்டு அதிகாரி ஏற்க முடியாது என்று 2006இல் Goetze India வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு மேல்முறையீட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

கணக்காளர் மேல் வழக்கு வேண்டாம். ரிட்டர்னைச் சரிபார்த்து உறுதிசெய்தது நீங்கள். பணம் திரும்பக் கிடைத்துவிட்டால் நிரூபிக்க உங்களுக்கு நஷ்டமும் மிஞ்சாது. திருத்திய ரிட்டர்னையும் ஒப்பீட்டு அறிக்கையையும் கட்டணம் இல்லாமல் செய்து தரச் சொல்லுங்கள், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதும் பொறுப்பையும் அவரிடம் எழுதி வாங்குங்கள், 2,60,000-க்கு உரிய வரியை ஏற்றுக்கொண்டு இந்த வாரமே முடியுங்கள்.