லிங்க்கின் வாலை எங்கே வெட்டுவது? கேள்வி பதில்

அக்கா, அமேசான்ல ஒரு பிளாஸ்க் பார்த்து அண்ணிக்கு அனுப்பினேன். லிங்க் நாலு வரிக்குப் போச்சு. அதுல எது வேணும், எது வேண்டாம்?

நீங்கள் அனுப்பியதைப் பொருளின் எண்ணை மட்டும் மாற்றி இங்கே போடுகிறேன்.

```
https://www.amazon.in/Steel-Flask-1L/dp/B0ABCD1234/ref=sr_1_3?keywords=cheap+gift+for+sister+in+law&qid=1735673400&sr=8-3
```

இதில் `/dp/` என்பதற்குப் பின்னால் வரும் பத்து எழுத்துதான் பொருள். மற்றதெல்லாம் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை. `ref=sr_1_3` என்றால் தேடல் பட்டியலில் மூன்றாவதாக இருந்ததைத் தொட்டீர்கள் என்று பொருள். `qid` என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டு வரும் நொடிகள். கணக்குப் போட்டால் 2025 ஜனவரி 1, இரவு ஒரு மணி. புத்தாண்டு பிறந்து ஒரு மணி நேரத்தில் பிளாஸ்க் தேடியிருக்கிறீர்கள், நல்லது. `keywords` என்ன சொல்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள். "அண்ணிக்கு மலிவான பரிசு". அதைத்தான் அண்ணிக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் எதைத் தேடினீர்கள் என்று கடைக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தெரிந்துகொள்ளப்போவது அண்ணி மட்டும்தான். இவ்வளவு போதும்:

```
https://www.amazon.in/dp/B0ABCD1234
```

வெட்டிய பிறகு ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். நிறமோ அளவோ மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

எதுக்கு இவ்வளவு பாடு? கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றதை எல்லாம் அழிச்சிட வேண்டியதுதானே. நான் வருஷக்கணக்கா அப்படித்தான் செய்றேன்.

பாதி சரி. மேலே பாருங்கள், `ref` கேள்விக்குறிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, உங்கள் கத்திரிக்கு அது தப்பிவிடும். இன்னொரு பக்கம், யூடியூபில் `watch?v=` என்று வரும் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதுதான் வீடியோவே. அதை அழித்தால் உங்கள் நண்பர் வெறும் முகப்புப் பக்கத்தைப் பார்ப்பார். ஜூம் அழைப்பில் `pwd=` போனால் கடவுச்சொல் போயிற்று.

கை தவறும் இடம் இன்னொன்று உண்டு. பாட்டின் சரணத்திலிருந்து தொடங்கட்டும் என்று நேரத்தோடு பகிர்கிறீர்கள்:

```
https://youtu.be/VIDEO_ID?si=AbCdEfGh&t=95
```

`si` பகிர்வுக்கான அடையாளம், `t=95` என்பது 95ஆவது நொடி. `?si=AbCdEfGh` என்பதை மட்டும் அழித்தால் `&t=95` கேள்விக்குறி இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். முதலில் நிற்பதற்கு எப்போதும் `?` வேண்டும், அடுத்தடுத்து வருபவற்றுக்குத்தான் `&`. ஆகவே `?t=95` என்று மாற்றுங்கள். திறந்தும் பாருங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா லிங்க் அனுப்பினா %E0%AE%A4ன்னு ஒரு முழம் நீளத்துக்கு வருது. இவ்வளவு உளவு பார்க்கிறாங்களா?

இல்லை ஐயா, அது நம் எழுத்துதான். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து போகும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகிறது, ஒவ்வொரு பைட்டும் `%` போட்ட மூன்று எழுத்தாகிறது. "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். மொத்தம் 45 எழுத்து. நீளத்தைப் பார்த்து மிரண்டு அதை வெட்டினால் பக்கம் திறக்காது.

ரீல் ஒண்ணு குடும்பக் குழுவுல போட்டேன் அக்கா. சித்தப்பா திறந்ததும் என்னோட இன்னொரு கணக்கு பேரு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. எப்படி?

எந்தச் செயலி என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் ஊகிக்கவில்லை. ஆனால் வழி இதுதான். "பகிர்" பொத்தானை அழுத்தும்போது எந்தக் கணக்கில் இருக்கிறீர்களோ, அந்தக் கணக்கோடு ஒட்டிய ஒரு அடையாளம் லிங்க்கில் ஏறிவிடும். சில செயலிகள் திறப்பவரிடம் "இன்னார் பகிர்ந்தது" என்று வெளிப்படையாகவே காட்டும். காட்டாவிட்டாலும், இன்னாரும் இன்னாரும் பழக்கம் என்று செயலிக்குத் தெரியும். `utm_source` மாதிரியானவை விளம்பரக் கணக்கு, அது இருந்தாலும் எனக்குப் பெரிய கவலை இல்லை. நான் முதலில் வெட்டுவது `igsh`, `si` போன்ற பகிர்வு அடையாளங்களைத்தான்.

இதை எல்லாம் தானா செய்ற ஆப் எதாவது இருக்கா?

பிரேவ் உலாவியில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் `Copy clean link` வரும். பயர்பாக்ஸிலும் அதே வேலைக்கு ஒரு தேர்வு உண்டு. ஆண்ட்ராய்டில் `URLCheck`. ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் மெசேஜஸிலும் மெயிலிலும் சில அடையாளங்கள் தானாகவே கழன்றுவிடும், `utm` அப்படியே இருக்கும். எதுவானாலும் பட்டியலில் உள்ளதைத்தான் கழற்றும், புதிதாக வந்ததை விட்டுவிடும். அதனால் திறந்து பாருங்கள்.

வாட்ஸ்அப்ல வர்ற லிங்க் வைரஸா இல்லையான்னு இதை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. வால் வெட்டிய மோசடி லிங்க்கும் மோசடி லிங்க்தான்.

போன்ல ஆப் எதாவது சொல்லுங்களேன்.

இரண்டு கேள்விக்கு மேலே.

நான் சின்னதா ஒரு சமையல் சேனல் நடத்துறேன். நான் கொடுக்கிற அமேசான் குக்கர் லிங்க்ல எனக்குக் கமிஷன் வர்றதுக்கான என் tag= இருக்கு. வாங்குறவருக்கு ஒரு பைசா கூடறதில்லை. அதையும் வெட்டச் சொல்றீங்களா? இது வயித்துல அடிக்கிறது இல்லையா?

நியாயமான கோபம். `-21` என்று முடியும் அந்த `tag` வாங்குபவரைப் பற்றியது அல்ல, அனுப்பியவரைப் பற்றியது. உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் நான் அந்தக் குக்கருக்கு வந்தேன் என்றால் விட்டுவிடுவேன், "இதில் அவருக்குக் கமிஷன் உண்டு" என்று தோழியிடம் சொல்லியும் விடுவேன்.

அப்போ எங்க மாமா? குடும்பக் குழுவுல தினமும் அவரோட tag போட்டு லிங்க் அனுப்புறார். யாரும் கேட்கிறதில்ல.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வேறு எதை வாங்கினாலும் அதுவும் அவர் கணக்கில் சேரும். என்னென்ன விற்றது என்ற பட்டியலும் அவருக்குப் போகும். பெயர் இருக்காது. ஆயிரம் பேர் பார்க்கும் சேனலில் அதனால் ஒன்றுமில்லை. ஒன்பது பேர் இருக்கும் குழுவில், யார் முட்டுவலித் தைலம் வாங்கினார்கள் என்று மாமாவால் சொல்லிவிட முடியாதா?

சமையல் சேனல்தான் மறுபடியும். அந்த மாமாவுக்காக என் லிங்க்கை வெட்டுறது என்ன நியாயம்?

வெட்டச் சொல்லவில்லையே அம்மா. அனுப்புகிறவர் சொல்லிவிட்டு அனுப்பட்டும் என்கிறேன்.

சொன்னா யாரும் தொடமாட்டாங்க. அதுதான் நடைமுறை.

இருக்கலாம். எனக்கு இதற்குப் பதில் இல்லை.

சுருக்கின லிங்க்ல வெட்ட ஒண்ணுமே இல்லையே, amzn.in மாதிரி? ஆப் ஏதும் உண்டா இதுக்கு?

ஆப் கேள்விக்கு இனி பதில் இல்லை. சுருக்கியதில் அடையாளம் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேஸ்புக்கின் `/share/` முகவரிகளும் இப்படித்தான். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து, மேலே விரியும் நீண்ட முகவரியை எடுத்து வெட்டுங்கள். செயலியில் திறந்து அங்கிருந்தே பகிர்ந்தால் உங்கள் பெயரில் புது வால் முளைக்கும். திறந்த அந்த ஒரு தொடுகை மட்டும் பதிவாகிவிடும், அதைத் தடுக்க வழியில்லை.