மஜ்லிஸில் ஹார்மோனியம் வைக்கலாமா?

கேள்வி: வாப்பாவின் ஆண்டு ஃபாத்திஹாவுக்கு மவ்லிது ஓதியபின், ஹார்மோனியம், தபேலாவோடு பாடும் குழு ஒன்றைக் கூப்பிடலாம் என்கிறார் மச்சான். "நிஜாமுத்தீன் அவ்லியாவே கேட்டிருக்கிறாரே" என்பது அவர் வாதம். பள்ளி ஹஜ்ரத் கூடாது என்கிறார். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹப். யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

உங்கள் மச்சான் பெரிய பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெயர் அவர் பக்கம் நிற்காது. தில்லியின் சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவ்லியா பாட்டுக் கேட்டவர்தான், அதில் சந்தேகமில்லை. கருவிகளை வைத்துக் கேட்க அவர் விடவில்லை.

அந்தக் கேட்புக்கு 'சமா' என்று பெயர். அவர் அதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்தார். பாடுபவர் வளர்ந்த ஆணாக இருக்க வேண்டும்; சிறுவனோ பெண்ணோ கூடாது. கேட்பவரின் மனம் இறைவனிடம் இருக்க வேண்டும். பாட்டில் ஆபாசமோ கேலியோ இருக்கக் கூடாது. ரபாப் போன்ற கருவிகள் அங்கே இருக்கவே கூடாது. ஒருமுறை அவருடைய முரீதுகள் சிலர் கருவிகள் ஒலித்த சபையில் உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் அவர் காதுக்குப் போனபோது, "நாங்கள் பாட்டில் மூழ்கிவிட்டோம், கருவி இருந்ததே தெரியவில்லை" என்று சமாதானம் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. எந்தப் பாவத்துக்கும் இதே பதிலைச் சொல்லலாமே என்று கேட்டுவிட்டார்.

இவ்வளவு கட்டுப்பாடோடு இருந்தவரையும் சட்ட அறிஞர்கள் விடவில்லை. கியாசுத்தீன் துக்ளக் (1320–1325) ஆட்சியில், சமா கூடுமா என்று தீர்ப்பதற்காக தில்லியில் ஒரு விசாரணைச் சபை கூடியது. அவ்லியா நபிமொழியை ஆதாரமாக வைத்தார். எதிர்த்தரப்போ, "நீங்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர், இமாம் அபூஹனீஃபாவின் சொல்லைக் காட்டுங்கள்" என்றது. அவரை மிகவும் வருத்தியது இதுதான். பிறகு, பல ஊர் சுற்றிவந்த ஓர் ஆலிம், பக்தாதிலும் ஷாமிலும் பெரியோர்கள் சமா கேட்கிறார்கள், அங்கே யாரும் தடுப்பதில்லை என்று சாட்சி சொன்னார். சுல்தான் தடை போடவில்லை. கவனியுங்கள், அங்கே அவ்லியா ஹார்மோனியத்துக்காக வாதாடவில்லை. (ஹார்மோனியம் ஐரோப்பாவில் பிறந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இன்று அவருடைய தர்காவிலேயே கவ்வாலிக்கு ஹார்மோனியம் வாசிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

சரி, உங்கள் மத்ஹபுக்கு வருவோம். ஷாஃபிஈ இமாம்களில் இந்த விஷயத்தை விரிவாக அலசியவர் கஸாலி (இறப்பு 1111). அவரே சூஃபியும் ஃபிக்ஹ் அறிஞரும் என்பதால் இரு தரப்பின் பேச்சும் அவருக்குத் தெரியும். இனிய குரல் தன்னளவில் ஹராம் இல்லை, பறவை பாடுவதை யாரும் ஹராம் என்பதில்லையே என்பது அவர் வாதம். அப்படியானால் நரம்புக் கருவிகளும் குழல்களும் ஏன் விலக்கப்பட்டன? அவை அன்று குடிகாரர் சபைகளின் அடையாளமாக இருந்தன என்பதே அவர் காட்டும் காரணம். தோல்கருவிகளில் அவர் விலக்குவது 'கூபா'வைத்தான். இரண்டு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கியது, நம் உடுக்கை மாதிரி.

இதை உங்கள் வீட்டுக் கூடத்தில் பொருத்திப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பலரும் முதலில் தடுக்க நினைப்பது தபேலாவை. அது கூபாவின் வடிவம் இல்லை, ஆகவே கஸாலியின் அளவுகோலில் அது தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது ஹார்மோனியம்தான். காற்றை அடைத்து ஊதி ஒலிக்கும் கருவியாதலால் அதைக் குழல் இனத்தோடு சேர்ப்பார்கள். கஸாலி சொன்ன காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "இன்று ஹார்மோனியம் குடிகாரர் அடையாளமா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் நவவியும் அவருக்குப் பின் இப்னு ஹஜர் ஹைதமியும் ஊதுகருவி, நரம்புக் கருவி இரண்டையும் விலக்கியே வைத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நிலைத்த தீர்ப்பு அதுதான். ஹஜ்ரத் அதைத்தான் சொல்கிறார், அவர் மேல் கோபப்பட எதுவும் இல்லை.

என்னிடம் கேட்டால், குழுவைக் கூப்பிடுங்கள், ஹார்மோனியத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தஃப் அடித்துப் பாடட்டும். ஷாஃபிஈ மத்ஹபில் தஃபுக்கு அனுமதி உண்டு. என்னென்ன பாடப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு போல இறைவனைக் காதலியாக வைத்துப் பாடியவர்களின் பாட்டு வந்தால் பயப்பட வேண்டாம். கூந்தல், கன்னம் என்று வரும் வரியைக் கேட்டு ஒருவர் மனம் எங்கே போகிறது என்பதில்தான் கஸாலி கூடும், கூடாது என்று பிரிக்கிறார். பாட்டைக் குறை சொல்லவில்லை. அதனால் அந்தப் பாட்டுகளை வாலிபர்கள் கலைந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். மஃக்ரிபுக்கு முன் தொடங்கிவிட வேண்டாம், தொழுகை நேரம் பாட்டில் கரைந்தால் ஹஜ்ரத் மட்டுமல்ல, அவ்லியாவும் உங்கள் பக்கம் இருக்கமாட்டார்.