வாங்கும் முன்: ‘230 டிகிரி வரை பாதுகாப்பு’ என்றால் என்ன?

கேள்வி: சித்தப்பா துபாயிலிருந்து வந்தபோது முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்று வாங்கி வந்தார். பாலக்காட்டில் ஒரு கடையில் ‘230 டிகிரி வரை பாதுகாப்பு’ என்று போட்ட ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே வாங்கினேன். ஸ்ப்ரே அடித்த கையோடு 410-ல் வைத்து இழுக்கிறேன். அப்படியும் சுர்ரென்று சத்தம் வருகிறது, நுனியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்ப்ரே போலியா? தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார் அம்மா. சரிதானா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஸ்ப்ரே போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல சரக்காக இருந்தாலும் நீங்கள் சொல்லும் விதத்தில் இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் அந்த 410. அது ஃபாரன்ஹீட் கணக்கு. அதிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் சரியாக 210 டிகிரி செல்சியஸ். புட்டியில் இருக்கும் 230 செல்சியஸ். இரண்டும் வேறு வேறு அளவு என்பது தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வைப்பவர்கள் நிறையப் பேர். பல மெஷின்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் F போய் C வரும். உங்களுடையதில் அந்த வசதி இல்லாவிட்டால் இரண்டே எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 320 என்றால் 160 டிகிரி செல்சியஸ், 356 என்றால் 180.

210, 230-க்கும் குறைவுதானே, பிறகு ஏன் முடி கெட்டது என்று கேட்பீர்கள். அந்த ஸ்ப்ரே என்ன செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர் அல்லது ஆல்கஹால். அது காய்ந்து போனதும் சிலிக்கோனும் பாலிமரும் முடியின்மேல் மெல்லிய பூச்சாகத் தங்கும். அந்தப் பூச்சு சூட்டை நிறுத்தாது. சூடு உள்ளே ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஓரிடத்திலேயே குவியாமல் பரவ விடும், ப்ளேட் வழுக்கிக்கொண்டு போக உதவும். அவ்வளவுதான். ப்ளேட்டை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாலோ, அதே கற்றையை நாலைந்து தடவை இழுத்தாலோ, பூச்சு இருந்தும் உள்ளே போகிற சூடு போய்த்தான் தீரும். அந்த 230-ஐ எந்தச் சோதனையில், எத்தனை இழுப்புக்கு அளந்தார்கள் என்றும் புட்டியில் பெரும்பாலும் இருக்காது. 230 வரை தைரியமாக ஏற்றலாம் என்பதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் பெரிய குற்றவாளி அந்தச் சுர் சத்தம். நன்றாகக் காய்ந்த முடியின் புரதம் உருக்குலைய ஏறத்தாழ 230 டிகிரி வேண்டும். தண்ணீரில் ஊறிய முடிக்கு 150-ஐ ஒட்டிய சூடே போதும். ஈரம் இருந்தால் முடி அவ்வளவு பலவீனம். அதோடு, உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முடியின் தண்டிலேயே குமிழ் குமிழாக ஊதிவிடும். தோல் மருத்துவத்தில் இதற்கு ‘பபிள் ஹேர்’ என்றே பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் முடிக்குள் வரிசையாக ஓட்டைகள் தெரியும். கையில் அது விறைப்பாக, சொரசொரப்பாகத் தட்டுப்படும். அப்புறம் அந்த இடத்திலேயே ஒடியும்.

நீங்கள் தலையை உலர்த்தியிருக்கலாம். ஆனால் ஸ்ப்ரேயே தண்ணீர்தானே? அடித்த கையோடு ப்ளேட்டை வைத்தால் முடியை மறுபடி நனைத்து வேகவைத்த மாதிரி. ஆல்கஹால் கலந்ததென்றால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, சூடான மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்கவே கூடாது.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி: கற்றையை எடுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ட்ரையர் போட்ட உடனே பார்த்தால் முடி சூடாக இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். ஆறவிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் மழைக்காலத்தில் உச்சி காய்ந்து, பிடரிப் பக்கம் உள்ளடுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் நனைந்தே கிடக்கும். அங்கே கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா சொல்வதற்கு வருவோம். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது, தலைக்குக் குளிக்கும்போது புரதம் கரைந்து போவதையும் குறைக்கிறது. இது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம்தான். ஆகவே குளிப்பதற்கு முன் தடவுவதை விட வேண்டாம். ஆனால் ப்ளேட்டுக்கு அடியில் அது உதவாது. வாசம் மாறாத செக்கு எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பித்துவிடும், நீங்கள் வைத்திருப்பதோ 210. ஸ்ப்ரே காய்ந்து பூச்சாக நிற்பதுபோல எண்ணெய் நிற்பதும் இல்லை. ப்ளேட்டில் ஒட்டிப் பழுப்புக் கறையாகத் தீய்ந்து, அடுத்த முறை முடியைப் பிடித்து இழுக்கும். முதல் நாள் ராத்திரி தடவி, காலையில் ஷாம்பு போட்டு எண்ணெய்ப்பசை போகக் குளித்துவிட்டால் அம்மாவுக்கும் சந்தோஷம், முடிக்கும் நல்லது.

இனி எப்படிச் செய்வது? தோளைத் தாண்டிய, நடுத்தர அடர்த்தியான முடி என்று வைத்துக்கொள்கிறேன். முக்கால்வாசி தானாக உலரட்டும், மீதியை ட்ரையரின் நடுச்சூட்டில் முடியுங்கள். எட்டுப் பாகமாகப் பிரித்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு இரண்டு அழுத்து. வேரில் வேண்டாம், காதுக்குக் கீழே நுனி வரை அடித்தால் போதும். முக்கியமான வேலை அடுத்தது: பெரிய பல் சீப்பால் ஒரு முறை சீவி விடுங்கள். ஸ்ப்ரே மேலடுக்கில் திட்டுத் திட்டாக விழும், சீவினால்தான் உள்ளே பரவும். பிறகு ஐந்து நிமிடம் காயவிட்டு உதட்டில் வைத்துப் பாருங்கள்.

மெஷினை 356-ல் வையுங்கள். சாயம் போட்ட முடி, மெல்லிய முடி என்றால் 320 போதும், சில நேரம் அதற்கும் கீழே. ப்ளேட்டின் அகலத்தைவிடக் குறுகலான கற்றையாக எடுத்து, நிற்காமல் ஒரே இழுப்பு. நேராகவில்லை என்றால் கற்றை தடிமன், அதைப் பாதியாக்குங்கள். பெரும்பாலும் சூட்டைக் கூட்ட வேண்டிய தேவையே வராது. அப்படியும் நேராகவில்லை என்றால் பத்துப் பத்தாக ஏற்றலாம். ஒரே கற்றைக்கு மூன்றாவது இழுப்பு வேண்டாம்.

இழுத்த முடி ஆறும்வரை கை வைக்காதீர்கள், கிளிப் போடாதீர்கள். சூட்டில் பிரிந்த பிணைப்புகள் ஆறும்போதுதான் புது வடிவத்தில் இறுகும். அதே பிணைப்புகள் காற்றில் இருக்கும் ஈரத்திலும் அவிழும். ஜூன், ஜூலையில் காலையில் நேராக்கி மத்தியானத்துக்குள் சுருண்டுவிடுகிறது என்றால் காரணம் இதுதான். அதற்காக 410-க்கு ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை, அதிகச் சூட்டில் இழுத்தாலும் ஈரக்காற்று அவிழ்த்தே தீரும். அந்த மாதங்களில் பின்னல் போடுவது மேல் என்பது என் கட்சி.

புட்டி எத்தனை நாள் வருகிறது என்பதையும் கவனியுங்கள். மேலே சொன்ன கணக்கில் ஒரு தடவைக்குப் பதினாறு அழுத்து, சுமார் 2 மில்லி. 100 மில்லி புட்டி ஐம்பது தடவை வரும். வாரம் ஒரு முறை இழுப்பவருக்கு ஒரு வருஷம். இரண்டு வருஷமாகியும் பாதிப் புட்டி மிச்சம் என்றால் பூச்சு உண்டாகிற அளவுக்கு அடிக்கவே இல்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது முன்பக்க எண்ணைவிடப் பின்பக்கப் பட்டியல் முக்கியம். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், பிவிபி, குவாட்டர்னியம், பாலிகுவாட்டர்னியம் போன்ற பெயர்களில் ஒன்றிரண்டாவது பட்டியலின் நடுப்பகுதிக்குள் வந்துவிட வேண்டும். வாசனைப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் வந்தால் அளவு சொற்பம் என்று கொள்ளலாம். ஆர்கன் ஆயில், கெரட்டின் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். போலியா என்ற சந்தேகம் தீர, தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். இல்லையென்றால் பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கடைசியாக அந்த வெள்ளைப் புள்ளிகள். பொடுகு என்றால் தட்டினால் உதிரும். உங்களுடையது உதிராமல், அந்த இடத்தில் லேசாக மடக்கினால் முடி பட்டென்று ஒடிகிறதா? அப்படியானால் அது உடைந்து பிசிறாகிப் போன இடம். அதை ஒட்டவைக்க எந்த ஸ்ப்ரேயாலும், மாஸ்க்காலும் ஆகாது. புள்ளிக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் சுருட்டும் மெஷின்தான் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே சூடு, இதே ஸ்ப்ரே சரியா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: ஸ்ப்ரே அதேதான். சூட்டை மட்டும் குறைக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்னர் நகர்ந்துகொண்டே இருக்கும், கர்லரிலோ முடி எட்டுப் பத்து நொடி அசையாமல் சுற்றிக் கிடக்கும். 150 டிகிரி செல்சியஸில் ஆரம்பித்து, சுருள் பிடிக்காவிட்டால் மட்டும் 170 வரை போங்கள்.

இன்னொன்று, நுனியைக் கவ்வி அங்கிருந்து மேலே சுற்றினால், முடியிலேயே வயதான, பலவீனமான பகுதிதான் சூடான உருளையில் அதிக நேரம் கிடக்கும். நடுவிலிருந்து சுற்றத் தொடங்கி, நுனியைக் கடைசி இரண்டு நொடிக்கு மட்டும் உள்ளே விடுங்கள். கழற்றியதும் சுருளை உள்ளங்கையில் ஏந்தி ஆறவிட்டால் குறைந்த சூட்டிலேயே நிற்கும்.